ஒற்றை நட்சத்திரத்துக்கு என்ன பதில் எழுதுவது? சிறு கிளினிக் நடத்துபவர்களுக்கு

என் அக்கா குழந்தைகள் டாக்டர். சின்ன ஊரில் சின்ன கிளினிக்: ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், டோக்கன் போட ஒரு பெண். கரண்ட் பில் கட்டுவது, கணக்கு பார்ப்பது, கூகுளில் வரும் ரிவியூக்களுக்குப் பதில் எழுதுவது எல்லாம் என் தலையில் விழுந்த வேலைகள். முதல் வருடம் நான் எழுதிய பதில்களை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. அவற்றில் பொய் ஒன்றும் இல்லை. உண்மையை எழுதினேன், ஆனால் எழுதக் கூடாத உண்மையை எழுதினேன்.

மற்ற கடைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. "புடவை சாயம் போகிறது" என்று ஒருவர் எழுதினால், "நீங்கள் வாங்கியது கைத்தறி, வெந்நீரில் துவைக்கக் கூடாது என்று பில்லிலேயே போட்டிருக்கிறோம்" என்று ஜவுளிக்கடைக்காரர் பதில் எழுதலாம். டாக்டர் அப்படி எழுத முடியாது. எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதை ஒரே ஒரு ரிவியூவை வைத்துக்கொண்டு பார்ப்போம். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ரிவியூ இது, ஒற்றை நட்சத்திரத்தோடு:

"சாயங்காலம் 6 மணிக்குப் போனோம், டோக்கன் 14. 8 மணிக்குத்தான் கூப்பிட்டாங்க. எங்களுக்கு அப்புறம் வந்தவங்களை முதல்ல உள்ளே விடுறாங்க. கேட்டா டோக்கன் போடுற பொண்ணு எரிஞ்சு விழுது. டாக்டர் ரெண்டு நிமிஷம்கூடப் பார்க்கல. வெறும் சிரப் எழுதிக் கொடுத்துட்டு 400 ரூபா. மூணு நாள் கழிச்சு வேற ஆஸ்பத்திரில டெங்குன்னு சொல்றாங்க. காசுக்காகவே நடத்துற கிளினிக். யாரும் போகாதீங்க."

அன்று ராத்திரியே எழுத வேண்டாம்

ராத்திரி பத்தரை மணிக்கு இதைப் படித்தேன். அக்காவுக்கு அனுப்பினேன். அது முதல் தவறு. நாள் முழுக்க ஓ.பி. பார்த்துவிட்டு வந்தவரிடம் அந்த நேரத்தில் இதைக் காட்டவே கூடாது. "நான் ரெண்டு நிமிஷமா பார்த்தேன்?" என்று அவர் தூங்கவில்லை.

படித்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நட்சத்திரம், பெயர், தேதி மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். ரிவியூ எழுதியவர் அதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். நீங்கள் பதில் போட்ட பிறகு அவர் நான்கு வரியை அழித்துவிட்டால், உங்கள் பதில் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதிலாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மற்றதெல்லாம் மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

ரிவியூவைப் பிரித்துப் போடுங்கள்

மறுநாள் ஒரு தாளில் ரிவியூவை வாக்கியம் வாக்கியமாக எழுதினேன். கோபத்தோடு மொத்தமாகப் படிக்கும்போது எல்லாம் ஒரே திட்டாகத்தான் தெரியும். பிரித்தால் மூன்று வகையாக விழும். காத்திருந்தது, வரிசை மாறியது, டோக்கன் பெண் பேசியது, 400 ரூபாய் ஆகியவை கிளினிக்கின் நடைமுறை பற்றியவை. இரண்டு நிமிஷம், சிரப், டெங்கு ஆகியவை சிகிச்சை பற்றியவை. கடைசி இரண்டு வாக்கியங்கள் வெறும் கோபம்.

பொதுவில் பதில் சொல்ல முடிந்தது முதல் வகைக்கு மட்டும். இரண்டாவதை நேரில் அல்லது போனில்தான் பேச வேண்டும். மூன்றாவதற்குப் பதில் கிடையாது. "காசுக்காக நடத்துகிறோம் என்பது தவறு" என்று எழுதினால், அந்த வரியை இரண்டாவது முறையும் படிக்க வைத்தவர் நீங்கள்தான்.

பதிவேட்டைப் பாருங்கள்

அடுத்து, முதல் வகையில் உள்ள ஒவ்வொன்றும் உண்மையா என்று பார்க்க வேண்டும். டோக்கன் நோட்டைப் புரட்டினேன். 14-ஆம் டோக்கனை 7.50-க்குக் கூப்பிட்டிருக்கிறோம். அவர் 8 என்கிறார். பத்து நிமிஷத்துக்காகச் சண்டை போடுகிறவர் அற்பமாகத்தான் தெரிவார். இரண்டு மணி நேரம் என்பது உண்மை என்று எடுத்துக்கொண்டேன்.

வரிசை மாறியதும் உண்மைதான். 6.50-க்கு வலிப்போடு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். 108 வந்து ஏற்றும் வரை, கிட்டத்தட்ட நாற்பது நிமிஷம், அக்கா அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

டோக்கன் போடும் பெண்ணிடம் கேட்கும்போது கவனம் தேவை. "நீ என்ன பேசினே?" என்று ஆரம்பித்தால் "நான் ஒண்ணும் பேசலை" என்றுதான் பதில் வரும். "அன்னிக்கு ராத்திரி ரொம்பக் கூட்டமா?" என்று கேட்டேன். அவளே சொன்னாள்: ஏழெட்டுப் பேர் மாறி மாறிக் கேட்டார்கள், கடைசியில் ஒரு அம்மாவிடம் "கூப்பிடும்போது வாங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன், அவர்தானா என்று தெரியவில்லை என்று.

பணத்தில்தான் எனக்கு அதிர்ச்சி. எங்கள் ஆலோசனைக் கட்டணம் 300. முதல் முறை வருபவர்களுக்கு ஃபைல் போட 100. ஆனால் சுவரில் மாட்டிய பலகையில் 300 மட்டும்தான் இருந்தது. எங்களுக்கு அந்த 100 பழக்கமாகிவிட்டது. புதிதாக வருபவருக்கு அது மறைத்து வைத்துப் பிடுங்கிய 100.

நான்கு புகாரில் நான்கும் ஏறக்குறைய சரி. ரிவியூ எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அவ்வளவு பொய்யாக இருக்கும் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். நோட்டைப் பார்க்காமல் பதில் எழுதக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

நம் பக்கம் இருக்கும் உண்மையை ஏன் எழுத முடியாது

இப்போது கஷ்டமான இடம். அந்தக் குழந்தையின் ஃபைலில் அக்காவின் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: காய்ச்சல் முதல் நாள், மூன்றாம் நாளும் குறையாவிட்டால் ரத்தப் பரிசோதனைக்கு வரவும், வாந்தியோ சோர்வோ அதிகமானால் உடனே வரவும். அம்மாவிடம் சொல்லியும் அனுப்பியிருக்கிறார். முதல் நாள் காய்ச்சலைப் பார்த்து டெங்குவா, சாதாரண வைரஸ் காய்ச்சலா என்று கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது என்பது எந்தக் குழந்தை டாக்டருக்கும் தெரியும். அவர்கள் திரும்பி எங்களிடம் வரவில்லை.

இதை எழுதினால் ஊரே நம் பக்கம் நிற்கும் என்று கை துடிக்கும். நானும் எழுதினேன், நல்லவேளை நோட்டில்தான்:

"உங்கள் குழந்தையை முதல் நாள் காய்ச்சலோடுதான் அழைத்து வந்தீர்கள். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னோம், நீங்கள் வரவில்லை. அன்று வலிப்பு வந்த குழந்தை ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். உங்களுக்கு அப்படித் தோன்றியதற்கு வருந்துகிறோம்."

இதில் நான்கு வாக்கியங்கள், நான்கும் தவறு.

முதல் இரண்டு வாக்கியங்கள் ஒரு நோயாளியின் சிகிச்சை விவரத்தை ஊரறியச் சொல்கின்றன. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு தொழில் நெறி விதிமுறைகளில் 7.14 என்ற பிரிவு, தொழில் முறையில் அறிந்த நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்கிறது. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அறிவிக்க வேண்டிய நோய் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. (அறிவிப்பது என்றால் சுகாதாரத் துறைக்கு, கூகுளுக்கு அல்ல.) 2023 ஆகஸ்டில் புதிய விதிமுறைகள் வெளியாகி, அதே மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டன; அதனால் 2002-இன் விதிகளே தொடர்ந்தன. "அவரே எல்லாவற்றையும் எழுதிவிட்டாரே" என்று கேட்கலாம். தன் குழந்தையைப் பற்றிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதனால் டாக்டரின் கடமை தளர்ந்துவிடாது.

இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். ரிவியூவுக்கு எழுதிய பதிலில் நோயாளியின் விவரத்தை வெளியிட்டதற்காக டல்லாஸில் ஒரு பல் மருத்துவமனை 2019-இல் 10,000 டாலர் கட்டியது. அதே போன்ற காரணத்துக்காக நியூஜெர்சியில் ஒரு மனநல மருத்துவ நிலையம் 2023-இல் 30,000 டாலர் கட்டியது. அங்கே சட்டம் வேறு, ஆனால் அந்தப் பதில்களை எழுத வைத்த கோபம் நம்முடையதேதான்.

மூன்றாவது வாக்கியத்தில் உள்ள தவறு எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. ஒரு நோயாளிக்குப் பதில் சொல்வதற்காக இன்னொரு நோயாளியைக் காட்டிக்கொடுக்கிறேன். சின்ன ஊரில் "அன்று வலிப்பு வந்த குழந்தை" என்றால் எந்தத் தெரு, எந்த வீடு என்று பாதி ஊருக்குத் தெரியும்.

நான்காவது, "அப்படித் தோன்றியதற்கு". மன்னிப்பு மாதிரி இருக்கும், ஆனால் "தப்பு உன் மனசில்தான்" என்று சொல்கிறது. "தவறான புரிதல்" என்பதும் இதே ரகம். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

நோயாளி என்று ஒப்புக்கொள்வதும் ஒரு தகவல்தான்

புதிதாக எழுதுபவர்கள் இதில் அடிக்கடி தடுக்கி விழுவார்கள். "நீங்கள் எங்கள் கிளினிக்குக்கு வந்தபோது" என்று எழுதினாலே அவர் நோயாளி என்பதை நாம் உறுதிப்படுத்திவிட்டோம். குழந்தைக் காய்ச்சலுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அதே வரியை மனநல டாக்டரோ, கருத்தரிப்பு மையமோ எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. "உங்கள் பெயரில் எங்களிடம் பதிவு இல்லை" என்று எழுதுவது பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு ரிவியூவில் அப்படி எழுதிவிட்டு இன்னொன்றில் எழுதாமல் விட்டால், அந்த இன்னொருவர் நோயாளிதான் என்று சொன்னதாகிவிடும். அதோடு, ரிவியூ எழுதியவர் குழந்தையின் மாமாவாகவோ, தாத்தாவின் ஜிமெயிலில் எழுதிய பேரனாகவோ இருக்கலாம். பெயர் நோட்டில் இல்லாததால் பொய் என்று ஆகாது. அதனால் ஆம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், கிளினிக்கின் வழக்கத்தை மட்டும் சொல்லும் வாக்கியங்களாக எழுதப் பழகுங்கள். "நீங்கள் வந்தபோது காத்திருக்க வைத்தோம்" என்பதற்குப் பதில் "மாலை நேரத்தில் காத்திருக்க வேண்டி வருகிறது". எழுவாய் கிளினிக்காக இருக்கட்டும், நோயாளியாக வேண்டாம்.

ஆனால் வழக்கத்தைச் சொல்லும் வாக்கியத்திலும் குத்து ஒளிந்துகொள்ளும். "காய்ச்சலுக்கு வரும் எல்லோரையும் மூன்றாம் நாள் திரும்ப வரச் சொல்வது எங்கள் வழக்கம்" என்று இரண்டாவது வரைவில் எழுதியிருந்தேன். சட்டப்படி பார்த்தால் யார் விவரமும் அதில் இல்லை. ஆனால் ரிவியூவுக்குக் கீழே வைத்துப் படித்தால் "நீ வரல" என்றுதான் காதில் விழும். அக்கா அதை அடித்துவிட்டார். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அந்த அம்மா அதைப் படிப்பார் என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் போட்ட பதில்

"வணக்கம். உடம்பு சரியில்லாத குழந்தையோடு நீண்ட நேரம் காத்திருப்பது யாருக்கும் சிரமம்தான். அவசர நிலையில் வரும் குழந்தைகளை டோக்கன் வரிசைக்கு முன்பே டாக்டர் பார்க்கிறார். அப்போது வெளியே இருப்பவர்களிடம் காரணத்தையும் எவ்வளவு நேரமாகும் என்பதையும் பொறுமையாகச் சொல்வது எங்கள் பொறுப்பு. அதை நாங்கள் சரியாகச் செய்யவில்லை, மன்னிக்கவும். ஆலோசனைக் கட்டணம் 300 ரூபாய், முதல் முறை பதிவுக்கு 100 ரூபாய். பதிவுக் கட்டணம் அறிவிப்புப் பலகையில் இல்லாதது எங்கள் தவறு. இப்போது எழுதி வைத்திருக்கிறோம். சிகிச்சை விவரங்களைப் பொதுவில் பேச எங்களுக்கு அனுமதி இல்லை. டாக்டருடன் நேரடியாகப் பேச, வேலை நாட்களில் பிற்பகல் 2 முதல் 3 மணிக்குள் கிளினிக் எண்ணுக்கு அழையுங்கள்."

மன்னிப்பு எதற்குக் கேட்டிருக்கிறோம் என்று பாருங்கள்: தாமதத்தைச் சொல்லாததற்கும், பலகைக்கும். சிகிச்சைக்கு இல்லை. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. பொதுவில் நீங்கள் எழுதும் வரி நாளை ஆணையத்தில் அச்சடித்துக் காட்டப்படலாம். அதற்காக மன்னிப்பே கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. செய்த தவறுக்கு, அதன் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும்.

எழுதாமல் விட்டதும் முக்கியம். "பதினைந்து வருட அனுபவம்", "ஆயிரக்கணக்கான குழந்தைகள்" என்று ஒன்றும் இல்லை. நோயாளிகளை ஈர்க்கும் விளம்பரம் டாக்டர்களுக்கு அதே 2002 விதிகளில் தடை. தவிர, புகாருக்கு நடுவே சுயபுராணம் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அவதூறு வழக்கு என்ற மிரட்டலும் இல்லை.

மொழி விஷயத்தில் ஒன்று. ரிவியூ தமிழில் இருந்தால் பதிலும் தமிழில் இருக்கட்டும். தமிழில் திட்டியவருக்கு வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆங்கிலத்தில் பதில் போட்டால் சுவர் எழுப்பியது போல இருக்கும். "அன்பார்ந்த வாடிக்கையாளரே" வேண்டாம், "அம்மா", "தம்பி" என்ற உறவுமுறையும் வேண்டாம். எழுதியவர் யார் என்றே நமக்குத் தெரியாது. "வணக்கம்" போதும்.

பதிவிடுவதும் அதன் பிறகும்

கிளினிக்கின் கூகுள் பக்கத்தை நிர்வகிக்கும் கணக்கில் நுழைந்து, கிளினிக் பெயரைத் தேடினால் `Read reviews` வரும். குறிப்பிட்ட ரிவியூவுக்குக் கீழே `Reply`. டாக்டரின் சொந்தக் கணக்கிலிருந்து எழுத வேண்டாம். ஒரு ரிவியூவுக்கு உரிமையாளர் பதில் ஒன்றுதான். ஆனால் அதைப் பிறகு திருத்தலாம், நீக்கலாம். பதில் உடனே தெரியாவிட்டால் பதறி மறுபடி எழுத வேண்டாம், கூகுள் சரிபார்த்துவிட்டுத்தான் வெளியிடும். வெளியானதும் எழுதியவருக்கு அறிவிப்பு போகும்.

பதில் போடும் முன் அந்த 2 மணி போனை யார் எடுப்பார் என்று முடிவு செய்துவிடுங்கள். "அழையுங்கள்" என்று எழுதிவிட்டு, அழைத்தவருக்கு "டாக்டர் இல்லை, சாயங்காலம் பண்ணுங்க" என்று சொன்னால், அடுத்த ரிவியூ அதைப் பற்றியதாக இருக்கும். பேசும்போது ரிவியூவை எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். எடுப்பதற்காகப் பணத்தைத் திருப்பித் தருவது, இலவசமாகப் பார்ப்பது எல்லாம் கூகுள் விதிகளுக்கே எதிரானது. ஊழியர்களையும் சொந்தக்காரர்களையும் விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் அப்படித்தான். நோயாளி தரப்பில் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002 விதி, தயங்காமல் கொடுத்துவிடுங்கள்.

`Report review` என்று ஒன்று இருக்கிறது. கெட்ட வார்த்தை, மிரட்டல், ஊழியரின் சொந்த போன் நம்பர், போட்டிக்காரர் எழுதியது போன்றவற்றுக்கு அது உதவும். "அவர் சொல்வது உண்மையில்லை" என்பதற்கு உதவாது. யார் சொல்வது சரி என்ற பஞ்சாயத்துக்கு கூகுள் வராது.

பதிலே எழுதக் கூடாத இடங்களும் உண்டு. வக்கீல் நோட்டீஸோ, நுகர்வோர் ஆணையத்தில் புகாரோ வந்துவிட்டால் உங்கள் வக்கீலைக் கேட்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஒரு உயிர் போயிருந்தால், பலகையைப் பற்றியும் டோக்கனைப் பற்றியும் எழுதும் பதில் எவ்வளவு பணிவாக இருந்தாலும் புண்ணில் உப்புதான். அங்கே டாக்டர் நேரில் பேசுவதுதான் வழி.

எங்கள் விஷயத்தில் நான்காம் நாள் அந்த அம்மா போன் செய்தார். அக்கா இருபது நிமிஷம் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒற்றை நட்சத்திரம் அப்படியேதான் இருக்கிறது. "காசுக்காகவே" என்ற வரியை மட்டும் எடுத்திருந்தார். பதிலில் "எழுதி வைத்திருக்கிறோம்" என்று போட்டிருந்தேன் அல்லவா, அதைப் பதிவிட்ட அன்று காலையிலேயே பெயின்டரை வரவழைத்துப் பலகையில் 100 ரூபாயை எழுதியாகிவிட்டது. டோக்கன் பெண்ணின் மேசையில் ஒரு சிலேட்டு இருக்கிறது. அவசரக் கேஸ் உள்ளே போனதும் "40 நிமிடம் தாமதம்" என்று எழுதி வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கிறாள்.